எட்டு லட்சம் லீசா, ஏழாயிரம் வாடகையா?

"ஈரோட்டுல ஒரே வீடு. லீசுன்னா 8 லட்சம், மூணு வருசம். வாடகைன்னா மாசம் 7,000, அட்வான்ஸ் 50,000. எதுங்க லாபம்?"

அட்வான்ஸும் திரும்பி வரும் பணம்தான். அதனால் கூடுதலாக முடங்குவது 7.5 லட்சம். வருட வாடகை 84,000, அதை 7.5 லட்சத்தால் வகுத்தால் 11.2 சதவீதம். உங்கள் பணம் வேறெங்கும் அந்த அளவு ஈட்டாவிட்டால் லீஸ்தான் லாபம். வங்கி டெபாசிட்டில் 7 சதவீதம் என்று வைத்தால் மாதம் 4,375 வரும். அந்த வட்டிக்கு வரியும் உண்டு, மிச்சப்படும் வாடகைக்கு வரி கிடையாது. ஆக, மாதம் 2,625 ரூபாயாவது மிஞ்சும். ஆனால் தனியாரிடம் ஒன்றரை வட்டிக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் வட்டியே மாதம் 11,250. அந்தப் பக்கமே போகாதீங்க.

வட்டியை விட எனக்குப் பயம் அசல் மேல்தான். வீட்டுக்காரர் பெரும்பாலும் அடுத்த ஆளிடம் வாங்கித்தான் உங்களுக்குத் தருவார். ஆள் அமையாவிட்டால் இழுத்தடிப்பார். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். "பேங்க்ல இருக்குங்க" என்றால் கடன் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். தவணை நின்றால் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும், அப்புறம் உங்கள் 8 லட்சம் வரிசையில் பின்னால்தான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். செலவைப் பார்த்து 11 மாத ஒப்பந்தமாக எழுதலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.