ஷிஃப்ட் சார்ட்டைப் பட்டியலாக்க மாதம் 1,500 ரூபாய் கொடுக்கணுமா?

கேள்வி: வணக்கமுங்க அண்ணா. வெள்ளகோவில் பக்கம் ஒரு ஓ.இ. நூல் மில்லில் ஆபீஸ் கணக்கு பார்க்கிறேன். வாரா வாரம் எக்செல்லில் ஷிஃப்ட் சார்ட் போடுவோம். மேலே தேதி, இடது பக்கம் பகல், அரை நைட், முழு நைட், கட்டத்துக்குள்ளே ஆள் பேர். புதுசா சம்பள சாஃப்ட்வேர் வாங்கலாம்னு முதலாளி சொல்றாருங்க. ஆனா அது இந்த மாதிரி சார்ட்டை எடுக்காதாம், "ஒரு வரிக்கு ஒரு ஆள், ஒரு ஷிஃப்ட்" என்று பட்டியலாத்தான் கொடுக்கணுமாம். மாத்திக் கொடுக்க விற்பவர் மாதம் 1,500 ரூபாய் தனியாகக் கேட்கிறார். கொடுக்கலாமுங்களா?

பதில்: வேண்டாம் தம்பி. சாஃப்ட்வேரே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது உங்கள் மில்லுக்குத் தேவையா என்பது வேறு பேச்சு. இந்த 1,500 மட்டும் வேண்டாம். அவர் காசு கேட்கிற வேலை, நீங்கள் ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிற எக்செல்லுக்குள்ளேயே இருக்கிறது. எக்செல் 2016 அல்லது அதற்கு அப்புறம் வந்தது என்றால், சார்ட்டைப் பட்டியலாக மாற்றித் தருகிற பவர் குவெரி என்ற வசதி `Data` பக்கத்தில் கூடவே வருகிறது. உங்களுடையது எந்த வருஷத்து எக்செல் என்று `File` > `Account` போய்ப் பாருங்கள்.

ஒரு வாரத்துச் சார்ட்டையே வைத்துச் சொல்கிறேன். 2025 டிசம்பர் 1 திங்கள் முதல் 7 ஞாயிறு வரை, மூன்று ஷிஃப்ட், ஏழு நாள், மொத்தம் 21 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ஆள் இருக்கணும் என்று வைத்துக்கொள்வோம். நடப்பில் 18 கட்டத்தில் "பழனிசாமி, ராசு" என்று கமா போட்டு இரண்டு பேர், 2 கட்டத்தில் ஒருத்தர் மட்டும், ஒரு கட்டம் ஆளே கிடைக்காமல் காலி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் சரிபார்க்க இதுதான் உதவும்.

பவர் குவெரிக்குள் போவதற்கு முன்னால் சார்ட்டைச் சுத்தம் பண்ணணும். பாதி வேலை இங்கேதான், பணம் போகிற இடமும் இதுதான். ஒரே ஆள் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் முழு நைட் என்றால், நம்ம ஆட்கள் மூன்று கட்டத்தையும் `Merge` பண்ணி நடுவில் ஒரு பேரை எழுதிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எக்செல்லைப் பொறுத்தவரை அந்தப் பேர் முதல் கட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது, மற்ற இரண்டும் வெறும் கட்டம். சார்ட்டை டேபிளாக மாற்றும்போது எக்செல் எதுவும் கேட்காமல் இணைப்பைப் பிரித்துவிடும், பவர் குவெரி பட்டியலாக்கும்போது வெற்றுக் கட்டங்களை விட்டுவிடும். மூன்று ஷிஃப்ட் பார்த்த ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்தான் பட்டியலில் நிற்கும். நான் கணக்கு பார்த்த ஒரு மில்லில் இப்படி ஒரு அக்காவுக்கு இரண்டு முழு நைட் கூலி விட்டுப்போனது. கம்ப்யூட்டர் எந்தப் பிழையும் காட்டவில்லை. சனிக்கிழமை கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்து அந்த அக்காதான் வந்து சொன்னார். அன்றிலிருந்து இணைத்த கட்டம் இருக்கிற சார்ட்டை நான் கையில் வாங்குவதே இல்லை.

அதனால் முதலில் இணைத்த கட்டங்களை `Unmerge` பண்ணுங்கள், அதே கட்டங்கள் தேர்வில் இருக்கும்போதே `Ctrl+R` அழுத்துங்கள், முதல் கட்டத்துப் பேர் வலப்பக்கம் முழுக்க நிரம்பும். எல்லா இணைப்பும் பிரித்து நிரப்பி முடித்த அப்புறம், நிஜமாகவே ஆள் இல்லாத கட்டத்தில் "காலி" என்று எழுதிவிடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது, மாறினால் வேலை பார்த்த ஆளுடைய கட்டத்திலும் "காலி" விழுந்துவிடும். எழுதாமல் விட்டால் அந்த ஷிஃப்ட் பட்டியலில் தடமே இல்லாமல் போய்விடும், மெஷின் ஆளில்லாமல் நின்றது யாருக்கும் தெரியாது.

பேருக்கு நடுவில் சில இடத்தில் கமா, சில இடத்தில் சாய்வுக்கோடு, சில இடத்தில் `Alt+Enter` தட்டிக் கீழ் வரி என்று கலந்துதான் இருக்கும். எல்லாவற்றையும் கமாவாக மாற்றுங்கள். கீழ் வரியை மாற்ற `Ctrl+H` திறந்து, தேடும் பெட்டியில் `Ctrl+J` அழுத்தணும். பெட்டியில் ஒன்றும் தெரியாதது மாதிரிதான் இருக்கும், ஆனால் வேலை செய்யும். மேலே உள்ள தேதிகள் 2025-12-01 என்று வருஷம் முன்னால் வருகிற மாதிரி இருக்கட்டும். 03-12-2025 என்று இருந்தால், அமெரிக்க முறைப்படி செட்டிங் வைத்த கம்ப்யூட்டர் அதை மார்ச் 12 என்று படித்துவிடும், மாதத்தில் முதல் 12 நாள் வரை பிழை என்று காட்டாது.

இனி மாற்றுகிற வேலை, இது ஐந்து நிமிஷம். சார்ட் முழுவதையும் தேர்வு செய்து `Data` > `From Table/Range`, தலைப்பு இருக்கிறது என்ற பெட்டியில் டிக் போட்டு `OK`. திறக்கிற ஜன்னலில் வலப்பக்கம் படிகள் வரிசையாக இருக்கும், அதில் `Changed Type` என்று தானாக ஒன்று வந்திருந்தால் அழித்துவிடுங்கள். அந்தப் படி இந்த வாரத்துத் தேதிகளைப் பேர் சொல்லிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் தலைப்புத் தேதி மாறியதும் `The column '2025-12-01' of the table wasn't found` என்று நின்றுவிடும். முதல் வாரம் நன்றாக ஓடி இரண்டாம் வாரம் படுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்புறம் ஷிஃப்ட் பேர் உள்ள முதல் பத்தியின் தலைப்பில் வலது கிளிக் பண்ணி `Unpivot Other Columns`. அவ்வளவுதான், கட்டம் கலைந்து பட்டியல் ஆகிவிடும். `Attribute` என்ற பத்தியில் தேதி, `Value` என்ற பத்தியில் ஆள் பேர். இந்த நேரத்தில் 21 வரி இருக்கணும். ஒரு கட்டத்தில் இருக்கிற இரண்டு பேரைப் பிரிக்க `Value` பத்தியைத் தேர்வு செய்து `Split Column` > `By Delimiter`, கமா, அதற்குள் `Advanced options` திறந்து `Rows` என்பதைத் தேர்வு செய்யணும். இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டாவது ஆள் புதுப் பத்திக்குப் போய்விடுவார், வரிக்கு ஒரு ஆள் வராது. கமாவுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளி பேரோடு ஒட்டிக்கொண்டு வரும், " ராசு"வும் "ராசு"வும் இரண்டு ஆளாகிவிடுவார்கள், அதனால் `Transform` > `Format` > `Trim`. கடைசியாக `Home` > `Close & Load`. அடுத்த வாரம் அதே சார்ட்டில் தேதியையும் பேரையும் மாற்றிவிட்டு, பட்டியலில் வலது கிளிக் பண்ணி `Refresh` கொடுத்தால் போதும்.

சரிபார்க்காமல் சம்பளத்துக்கு அனுப்பக்கூடாது. சார்ட் B2-இலிருந்து H4 வரை என்றால், இதை ஒரு ஓரத்தில் போடுங்கள்:

```
=COUNTA(B2:H4)+SUMPRODUCT(LEN(B2:H4)-LEN(SUBSTITUTE(B2:H4,",","")))
```

நிரம்பிய கட்டத்தையும் கமாவையும் எண்ணிக் கூட்டுகிறது. நம்ம கணக்கில் 21-ம் 18-ம் சேர்ந்து 39. பட்டியலிலும் 39 வரி, அதில் 38 ஆள், ஒரு "காலி". பட்டியல் ஒன்றிரண்டு வரி கூடக் குறைய வந்தால் எங்கேயோ ஒரு படி தப்பு. ஆனால் இந்தச் சூத்திரம் மட்டும் போதாது, ஏனென்றால் இணைத்த கட்டத்தை இதுவும் ஒன்றாகத்தான் எண்ணும், சார்ட்டும் பட்டியலும் சேர்ந்தே தப்பாக இருக்கும். அதனால் மூன்று ஷிஃப்ட், ஏழு நாள், இரண்டு ஆள், மொத்தம் 42 என்று தனியாக வைத்து, குறைகிற நான்குக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஒற்றை ஆள் நின்ற கட்டங்களால் 2, காலிக் கட்டத்தால் 2. காரணம் சொல்ல முடியாத குறைவு ஒன்று இருந்தாலும் யாரோ ஒருத்தர் கூலி அதில் மாட்டியிருக்கிறது.

கம்ப்யூட்டரில் பழைய எக்செல் என்றால் அதற்காகப் புதிது வாங்க வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் இலவசம். அங்கே ஒரு கட்டத்துக்கு ஒரு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், "பகல்-1", "பகல்-2" என்று ஷிஃப்ட்டுக்கு இரண்டு வரிசை, ஆக ஆறு வரிசை:

```
=ARRAYFORMULA(SPLIT(FLATTEN(A2:A7&"|"&TEXT(B1:H1,"yyyy-mm-dd")&"|"&B2:H7),"|"))
```

எப்போதும் 42 வரி வரும், ஆள் இல்லாத இடத்தில் பேர் மட்டும் காலியாக நிற்கும். தேதிப் பத்தி 46 ஆயிரத்தை ஒட்டிய எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், `Format` > `Number` > `Date` கொடுங்கள். என்னைக் கேட்டால் எக்செல்லிலும் இப்படி வரிசையைப் பிரித்துப் போடுவதுதான் நல்லது, கமா பிரச்சினையே வராது. பேரோடு டோக்கன் நம்பரையும் எழுதுங்கள். ஒரே மில்லில் இரண்டு கார்த்தி இருந்தால் பட்டியல் அவர்களை ஒரே ஆளாகத்தான் பார்க்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியதைக் காசு கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். பட்டியல் எந்தப் பத்தி வரிசையில் வேண்டும் என்று வெற்று மாதிரி ஃபைல் ஒன்றை வாங்குங்கள், அதைக்கூடக் காசு வந்த பிறகுதான் தருவேன் என்றால் அவரிடம் வாங்கவே வேண்டாம். முழு நைட்டை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று கேளுங்கள். ராத்திரி 10 மணிக்கு ஆரம்பித்துக் காலை 6 மணிக்கு முடிகிற ஷிஃப்ட்டுக்கு முடிகிற தேதி மறுநாள். ஆரம்பம், முடிவு இரண்டுக்கும் ஒரே தேதி போனால் 8 மணி நேர வேலை மைனஸ் 16 என்று வரும், இல்லையென்றால் அந்த வரியையே தள்ளிவிடும். உங்கள் சார்ட்டிலிருந்து நீங்களே மாற்றிய 39 வரியை அவர் கண் முன்னால் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஆளுக்கு எத்தனை ஷிஃப்ட் என்று உங்கள் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் சாஃப்ட்வேர் விலையை மட்டும் எழுதி, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்று தெளிவாகப் போட்ட கொட்டேஷன் வாங்குங்கள், அதில் "டேட்டா மாற்றும் கட்டணம்" என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். வருஷத்துக்கு 18,000 ரூபாய் மிச்சம் என்று முதலாளியிடம் இந்தக் கணக்கையே காட்டலாம்.