வளைந்த தோள் கவசத்தைத் தட்டையான தாளில் விரிப்பது எப்படி? கேள்வி பதில்

அண்ணா, ஒரு கேமில் வரும் தோள் கவசத்தை 3டி கோப்பாக எடுத்து விரிக்கச் சொன்னேன். நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிவிட்டது. மென்பொருள் பிழையா? (பள்ளி மாணவன், வெள்ளவத்தை)

மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது தம்பி. கேமிலிருந்து எடுக்கும் கோப்புகளில் பக்கத்துப் பக்கத்து முகங்கள் ஒட்டியிருப்பது போலத் தெரியும். உண்மையில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். அந்த இடத்தில் விளிம்பு ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது என்றுதான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். Blender என்ற 3டி மென்பொருளில் கோப்பைத் திறந்து, `Tab` அழுத்தி Edit Mode-க்குப் போய், எல்லாவற்றையும் தெரிவு செய்து, `M` அழுத்தி, `By Distance` கொடுங்கள். எத்தனை புள்ளிகள் நீங்கின என்று கீழே காட்டும். அது பெரிய எண்ணாக இருந்தால் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். 3டி பிரிண்டருக்காகச் செய்த கோப்பு என்றால் உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர் என்று இரண்டு இருக்கும். உள்சுவரை அழித்துவிட்டு விரியுங்கள். இல்லாவிட்டால் ஒரே கவசத்தை இரண்டு தடவை வெட்டி ஒட்ட வேண்டிவரும்.

எந்த விளிம்பை வெட்டுவது, எதை மடிப்பாக விடுவது என்று எப்படி முடிவெடுப்பது? 3டி மாடலைத் தாளில் விரித்துத் தரும் Pepakura மென்பொருள் தானாகச் செய்வதை அப்படியே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் ஒட்டும்போது அழுவீர்கள். தோள் கவசம் என்பது பெரும்பாலும் ஒரு குவிமாடம். குவிமாடத்தை நீட்டாமல் சுருக்காமல் தட்டையாக்க முடியாது என்று காவுஸ் 1827இலேயே நிறுவிவிட்டார். அதனால் அதைத் தட்டை முகங்களாக மாற்றி, இடையில் வெட்டுகிறோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 110 மிமீ ஆரமுள்ள அரைக்கோளம். சுற்றிலும் 8 பிரிவு, கீழிருந்து உச்சி வரை 3 அடுக்கு, மொத்தம் 24 முகங்கள். உச்சியில் 8 முக்கோணங்கள் சந்திக்கின்றன. ஒவ்வொன்றின் உச்சிக் கோணமும் சுமார் 43.4 பாகை. எட்டையும் கூட்டினால் 347 பாகைதான் வரும். முழு வட்டத்துக்கு 13 பாகை குறைகிறது, அந்த இடைவெளிதான் உச்சியைக் குவிய வைக்கிறது. கீழே இரண்டு வளையங்களில் இருக்கும் 16 புள்ளிகளிலும் இதே மாதிரி ஒரு குறை உண்டு. ஆகவே இந்த 17 புள்ளிகளில் ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு வெட்டு தொட்டே ஆக வேண்டும், அந்த வெட்டு கவசத்தின் ஓரம் வரை தொடரவும் வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒட்டும் விளிம்புகள் 17க்குக் கீழே போக வழியே இல்லை.

உச்சியிலிருந்து ஓரம் வரை இறங்கும் எட்டு இதழ்களையும் தனித்தனியாக வெட்டினால் 24 விளிம்புகள் ஒட்ட வேண்டும். உச்சி முக்கோணங்களைச் சேர்த்தே வைத்து, ஒரு வெட்டை மட்டும் உச்சி வரை கொண்டுபோனால் பூப்போல ஒரே துண்டு, சரியாக 17 விளிம்புகள். ஆனால் அந்தப் பூவின் அகலம் 330 மிமீயைத் தாண்டும், ஏ4 தாளுக்குள் வராது. நான் இரண்டிரண்டு இதழ்களாக நான்கு துண்டு எடுப்பேன். ஏ4 தாளைக் கிடையாக வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு தாளில் அடங்கும், ஒட்டுவது 20 விளிம்புகள். பாதிப் பூவாக இரண்டு துண்டு என்றால் 18தான், அதற்கு ஏ3 தாள் வேண்டும். பக்கத்துப் போட்டோகொப்பி கடையில் ஏ3யில் தடித்த தாள் போடுவார்களா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

முகங்களைக் கூட்டினால் வளைவு இன்னும் வழுவழுப்பாக வரும். அதனால் நான் 2,000 முகங்களோடு விரிக்கிறேன். சரிதானே?

திரையில் சரி. தாளில் ஒவ்வொரு முகமும் ஒரு மடிப்பு, ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் பிழை சேரும், கடைசி விளிம்பு பொருந்தாது. மேலே சொன்ன கவசத்தில் 8 பிரிவு என்றால் உண்மையான வட்டத்திலிருந்து அதிகபட்ச விலகல் சுமார் 8 மிமீ. 12 பிரிவாக்கினால் அது 4 மிமீக்குக் கீழே வந்துவிடும். அதற்கு மேல் கிடைக்கும் லாபத்தை மேலே பூசும் பூச்சே மூடிவிடும். தோள் கவசத்துக்கு 12 போதும் என்பது என் எண்ணம். கூர்மையான ஓரங்களை மட்டும் மாடலில் தொடாமல் விடுங்கள்.

விளிம்பு எண்களும் ஒட்டுக் காதுகளும் குழப்புகின்றன. காது எந்தப் பக்கம் வர வேண்டும்?

ஒரே எண் போட்ட இரண்டு விளிம்புகளும் ஒரு ஜோடி. ஜோடியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் காது. 200 ஜிஎஸ்எம் தாளுக்கு 6 மிமீ அகலம் வைத்து, இரண்டு முனைகளையும் 45 பாகையில் சரித்துவிடுங்கள். உச்சியை நோக்கிக் குறுகும் இடத்தில் இன்னும் சரிக்க வேண்டும், இல்லையென்றால் காதுகள் எல்லாம் உச்சியில் குவிந்து மேடு தட்டும்.

நான் ஒவ்வொரு துண்டிலும் இடப்பக்கம் காது, வலப்பக்கம் வெறும் விளிம்பு என்று ஒரே ஒழுங்காக மாற்றிக்கொள்வேன். மென்பொருள் தானாக வைக்கும்போது இது கலந்து வரும், ஒரே துண்டின் இரண்டு பக்கமும் காது வந்தால் நடுத்துண்டைக் கடைசியில் செருகுவது பெரும் பாடு. வெட்டும் முன்பே எண்களைத் தாளின் பின்பக்கமும் பென்சிலால் எழுதிவையுங்கள். ஒட்டும்போது நீங்கள் பார்ப்பது உள்பக்கத்தை.

இடது தோளுக்குத் தனியாக விரிக்க வேண்டியதில்லை. அதே அச்சை எல்லா மடிப்புகளையும் எதிர்த்திசையில் மடித்து ஒட்டினால் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கும். அச்சிட்ட கோடுகள் உள்ளே போய்விடும், அதுவும் நல்லதே.

தம்பி, எங்கள் கோயிலில் பெரிய வெள்ளிக்குத் திருப்பாடுகளின் நாடகம் போடுகிறோம். உரோமைச் சேவகர் 12 பேருக்குத் தோள் பட்டைகள் வேண்டும். இந்த மென்பொருளெல்லாம் படிக்க வேண்டுமா? (ஓர் அக்கா, கொட்டாஞ்சேனை)

வேண்டாம் அக்கா. உரோமைச் சேவகரின் தோளில் வருவது பட்டை பட்டையான தகடுகள். ஒவ்வொரு பட்டையும் ஒரே திசையில் மட்டும் வளைவதால் எதையும் இழக்காமல் தட்டையாக விரியும். உதாரணமாக ஒரு பட்டையின் மேல்விளிம்பு 300 மிமீ, கீழ்விளிம்பு 360 மிமீ, அகலம் 50 மிமீ என்று வைப்போம். வித்தியாசம் 60, அதை 50ஆல் வகுத்தால் 1.2. அப்புறம் 300ஐ 1.2ஆல் வகுங்கள், 250 வரும். பிரிஸ்டல் போட்டில் ஒரு ஆணி, ஒரு நூல், ஒரு பென்சில். அதே மையத்திலிருந்து 250 மிமீ, 300 மிமீ ஆரத்தில் இரண்டு வில் வரைந்து, 69 பாகை அளவுக்கு வெட்டினால் பட்டை தயார். ஒன்றை அச்சாக வைத்து மற்றவற்றை வரையலாம். பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறவைத்துக் கோக்கலாம், காது தேவையில்லை.

ஃபோமில் செய்யவும் இதே அச்சுத்தானே? என் முன்கை கவசம் இறுக்கமாக வந்துவிட்டது.

காதுகளை வெட்டி எறிந்துவிட்டு, விளிம்போடு விளிம்பு ஒட்ட வேண்டும். இறுக்கத்துக்குக் காரணம் தடிப்பு. உள்சுற்றளவு 270 மிமீ வேண்டுமென்றால், 6 மிமீ ஃபோமுக்கு அச்சின் நீளம் கிட்டத்தட்ட 289 மிமீ இருக்க வேண்டும், ஃபோம் நடுவில்தான் நீளம் மாறாமல் வளைகிறது. அச்சிடும்போது `Fit` தெரிவாகி அளவு சுருங்கவில்லையா என்றும் பாருங்கள். `Actual size` கொடுத்து, தாளில் 100 மிமீ கோடு ஒன்று சேர்த்து அளந்தால் உடனே தெரியும்.

காதே வேண்டாம், உள்ளே மாஸ்கிங் டேப் ஒட்டினால் போதும் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டேப்பில் விளிம்பு சமமாக வரும், பிழைத்தால் உரித்து மறுபடி ஒட்டலாம். ஆனால் கொழும்பின் ஈரக் காற்றில் சில நாளில் டேப் இளகி விளிம்பு திறக்கிறது, பைண்டர் கம் போட்ட காது அசைவதில்லை. உள்பக்கம் அன்றே ரெசின் பூசுபவருக்கு டேப் போதும். நான் இன்னும் காது பக்கம்தான், அவர் செய்த ஒன்று மழைக்காலத்தைத் தாண்டி நின்றால் சொல்லுங்கள்.