காலாவதியான மளிகை வந்தால் போட்டோவை எப்படி எடுத்து அனுப்புவது?

"ஆன்லைனில் வாங்கிய மளிகையில் தேதி முடிந்த தயிரும் அழுகிய கீரையும் வந்திருக்கின்றன. போட்டோ அனுப்பினேன், 'தெளிவாக இல்லை' என்கிறார்கள். பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது?"

பொருளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் வரும்வரை ஒரு கவரில் கட்டித் தனியே வையுங்கள், திரும்ப எடுத்துப் போகிறோம் என்றும் சொல்வார்கள். அப்புறம் போட்டோவை மறுபடி எடுங்கள்.

எனக்கும் இதே தயிர் டப்பா விஷயத்தில் ஒருமுறை நடந்தது. பளபளக்கும் மூடியில் புள்ளி புள்ளியாக அச்சடித்த தேதி, ஃப்ளாஷ் போட்டால் வெறும் வெள்ளைத் திட்டுதான். ஃப்ளாஷை அணைத்து, ஜன்னல் பக்கம் டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். திரையில் தேதியைத் தொட்டு ஃபோகஸ் செய்து, பேட்ச் எண்ணும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுங்கள். டப்பாவும் ஆர்டர் எண் உள்ள பில்லும் ஒன்றாகத் தெரிய இன்னொன்று. தேதி மட்டும் உள்ள படத்தை வைத்து, அது அவர்கள் அனுப்பிய டப்பாதானா என்று கேட்க இடம் இருக்கிறது.

கீரை, பழத்தில் தேதி அச்சாகி இருக்காது. அங்கே நீங்கள் படம் எடுத்த நேரம்தான் சாட்சி. டெலிவரி ஆன சற்று நேரத்திலேயே எடுத்திருந்தால், உங்கள் வீட்டில் வைத்துக் கெட்டது என்று சொல்ல முடியாது. எடுத்த தேதியும் நேரமும் கோப்புக்குள்ளேயே பதிவாகும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலோ ஸ்கிரீன்ஷாட்டிலோ அந்தப் பதிவு இருக்காது. ஆகவே மூலப்படத்தை அழிக்காதீர்கள், மின்னஞ்சலில் அதையே இணையுங்கள்.

புகாரில் கோபம் வேண்டாம், விவரம் போதும். இப்படி எழுதலாம்:

"14ஆம் தேதி மாலை 6.40க்கு டெலிவரி ஆன ஆர்டர் இது. தயிர் டப்பா இரண்டிலும் காலாவதி தேதி 12. கீரைக் கட்டு அழுகி இருந்தது. 6.55க்கு எடுத்த படங்களை இணைத்துள்ளேன். இந்த மூன்றுக்குமான தொகையை, நான் செலுத்திய கார்டுக்கே திருப்பித் தரவும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நாம் சொல்லாவிட்டால் பெரும்பாலும் அவர்கள் செயலியின் வாலட்டில் போட்டுவிடுவார்கள். அங்கேயே தொடர்ந்து வாங்குகிறவருக்கு அது பரவாயில்லை, சீக்கிரமும் வரும். ஆனால் வாலட் தொகைக்கும் காலாவதி உண்டா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். கெட்ட தயிருக்கு ஈடாக வந்த பணமும் காலாவதியாவது அநியாயம்.

ஒன்று கவனியுங்கள். அச்சடித்திருப்பது 'இதற்குள் பயன்படுத்தினால் சிறந்தது' என்ற தேதியாக இருந்தால், அது தரத்தைப் பற்றியது. பொருள் கெட்டுவிட்டது என்று எழுதாமல், தேதி கடந்து வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

புகார் செய்ய அவகாசம் குறைவு, சில செயலிகளில் ஓரிரு நாள்தான். சாட்டில் பேசினால் புகார் எண்ணை வாங்கி, உரையாடலையும் சேமித்துக்கொள்ளுங்கள். மறுத்துவிட்டால், கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் அந்தத் தொகையைத் தகராறாகப் பதியலாம். வங்கி கேட்பதும் இதே படங்களையும் அந்த மறுப்புப் பதிலையும்தான்.