சிலபஸ் யூனிட்டை அவுட்கமாக மாற்றுவது எப்படி? ஒரு ஓஎஸ் பாடத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி: யூனிட் யூனிட்டா இருக்கிற சிலபஸை கோர்ஸ் அவுட்கமா மாத்தித் தரச் சொல்றாங்க. புளூம் வினைச்சொல் பட்டியல்ல எதை எடுத்து எங்க போடணும்னு ஏதாவது முறை இருக்கா?

அக்ரெடிடேஷன் வரப்போகிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் உங்கள் எச்ஓடிக்குத் திடீரென்று இந்த ஆசை வந்திருக்காது. ஒரு வினைச்சொல் பட்டியலையும் ஒரு எக்ஸல் ஷீட்டையும் கையில் கொடுத்து, திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றிருப்பார்கள்.

முறை இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். இந்த யூனிட்டில் இன்டர்னல் டெஸ்டுக்கு என்ன கேள்வி கேட்பீர்களோ, அதை முதலில் எழுதுங்கள். மாணவர் அந்தக் கேள்விக்கு என்ன செய்தாக வேண்டுமோ, அதுதான் உங்கள் வினைச்சொல். பெரும்பாலான கல்லூரிகளில் இது தலைகீழாக நடக்கிறது. பட்டியலில் பளிச்சென்று இருக்கும் சொல்லை எடுத்து யூனிட் தலைப்புக்கு முன்னால் ஒட்டுகிறார்கள்.

நான் எடுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தையே சொல்கிறேன். இரண்டாவது யூனிட்டில் சிபியு ஷெட்யூலிங், அதாவது எஃப்சிஎஃப்எஸ், எஸ்ஜேஎஃப், பிரையாரிட்டி, ரவுண்ட் ராபின். கூடவே டெட்லாக். எனக்கு வந்த கோர்ஸ் ஃபைலில் "ஷெட்யூலிங் முறைகளைப் புரிந்துகொள்வார்" என்று இருந்தது. புரிந்துகொண்டாரா என்பதை எந்த விடைத்தாளிலும் பார்க்க முடியாது என்பதால் இது செல்லாது. இது எல்லோருக்கும் தெரியும். உடனே சக ஆசிரியர் ஒருவர் அதை "பகுப்பாய்வு செய்வார்" என்று மாற்றி, பக்கத்தில் புளூமின் ஆறு மட்டங்களில் நான்காவது என்பதற்கு கே4 என்று போட்டார். டிபார்ட்மென்ட் மீட்டிங்கில் பாராட்டு வேறு.

அந்த யூனிட்டுக்கு வைத்த டெஸ்ட் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று பிராசஸ், ஒவ்வொன்றுக்கும் வேண்டிய சிபியு நேரம், அதாவது பர்ஸ்ட் நேரம் 24, 3, 3. சராசரிக் காத்திருப்பு நேரம் என்ன? ஓஎஸ் நடத்திய யாருக்கும் இந்த எண்கள் தூக்கத்திலும் வரும். எஃப்சிஎஃப்எஸ்படி வந்த வரிசையில் ஓட்டினால் 17, எஸ்ஜேஎஃப்படி சின்னதை முதலில் ஓட்டினால் 3, ஒரு முறைக்கு இவ்வளவு நேரம்தான் என்ற குவாண்டத்தை 4 ஆக வைத்து ரவுண்ட் ராபின் ஓட்டினால் 5.67. பையன்கள் காண்ட் சார்ட் வரைவதற்கு முன்பே 17 என்று எழுதிவிடுவார்கள். ஃபைலில் இருப்பது பகுப்பாய்வு, பேப்பரில் சோதிப்பது ஞாபக சக்தி. எண்களை மாற்றி, வருகை நேரத்தையும் சேர்த்துக் கேட்டால் அது கே3, அதாவது தெரிந்த முறையைப் புதுக் கணக்கில் பயன்படுத்துவது.

உண்மையிலேயே கே4 வேண்டுமென்றால் கேள்வியை இப்படித் திருப்புங்கள்: "இதே மூன்று பிராசஸுக்குக் குவாண்டம் 4 ஆக இருந்தபோது சராசரி 5.67. குவாண்டத்தை 30 ஆக்கியதும் 17 ஆகிவிட்டது. ஏன்?" குவாண்டம் மிக நீளமான பர்ஸ்டையும் தாண்டிவிட்டால் ரவுண்ட் ராபின் வெறும் எஃப்சிஎஃப்எஸ் ஆகிவிடும் என்பதை மாணவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் இதுவும் கே2-க்கு இறங்கிவிடும். மட்டம் வினைச்சொல்லில் மட்டும் இல்லை. மாணவர் கையில் ஏற்கெனவே என்ன கொடுத்திருக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. "ஒப்பிடுவார்" என்று எழுதிவிட்டு, ஒப்பீட்டு அட்டவணையை நோட்ஸில் கொடுத்தாலும் இதே கதைதான்.

டெட்லாக்கில் இன்னொரு பொறி. "பேங்கர்ஸ் அல்காரிதம் கொண்டு அந்த நிலை பாதுகாப்பானதா என்று தீர்மானிப்பார்" என்று எழுதினால், தீர்மானிப்பார் என்ற சொல்லைப் பார்த்து கே5 போட்டுவிடுவார்கள். அலோகேஷன், மேக்ஸ் மேட்ரிக்ஸ்களைக் கொடுத்து, இருக்கும் ரிசோர்ஸையும் சொல்லிவிட்டால், மீதி எல்லாம் படிப்படியாகக் கழித்துக் கூட்டும் வேலை. கே3-க்கு மேல் ஒரு படி கூட ஏறாது.

கடைசியில் இந்த யூனிட்டுக்கு நான் எழுதியது இவ்வளவுதான். "வருகை நேரமும் பர்ஸ்ட் நேரமும் கொடுக்கப்பட்டால், கேட்கப்பட்ட ஷெட்யூலிங் முறைக்குக் காண்ட் சார்ட் வரைந்து சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடுவார்." இன்னொன்று: "ரிசோர்ஸ் நிலவரம் கொடுக்கப்பட்டால், பாதுகாப்பான வரிசை ஒன்றைக் கண்டெழுதுவார் அல்லது அப்படி ஒன்று இல்லை என்று காட்டுவார்." இரண்டுமே கே3. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் விடைத்தாளைக் கையில் எடுத்தால், செய்தாரா இல்லையா என்று யார் திருத்தினாலும் ஒரே பதில் வரும்.

யூனிட் ஒன்று, அவுட்கம் இரண்டு ஆகலாமா என்று கேட்பார்கள். ஐந்து யூனிட்டுக்கு ஐந்து அவுட்கம் என்பது பழக்கம், சட்டம் இல்லை. ஒன்றுக்குள் அடைக்கப் பார்த்தால் "விளக்கி, கணக்கிட்டு, தீர்மானிப்பார்" என்று வினைகள் வரிசை கட்டும். ஒருவர் நன்றாக விளக்குகிறார், கணக்கில் கோட்டை விடுகிறார் என்றால் அந்த அவுட்கம் எட்டப்பட்டதா இல்லையா? அட்டெய்ன்மென்ட் ஷீட்டில் சராசரி போட்டு மறைத்துவிடலாம். அக்ரெடிடேஷன் குழுவில் வருபவர் வினாத்தாளையும் விடைத்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் இருக்காது.

இதைப் படித்துவிட்டு சில சீனியர்கள் "யுனிவர்சிட்டி பேப்பர் நம்ம கையில் இல்லையே, சிலபஸிலேயே அவுட்கம் அச்சடித்து வந்துவிடுகிறதே" என்று சண்டைக்கு வரலாம். சரி, இணைப்புக் கல்லூரியில் அச்சடித்த வரியை மாற்ற முடியாதுதான். அதன் கீழே வகுப்பு வாரியாக, பாடத் திட்டத்தில் உங்கள் அவுட்கம்களை எழுதலாம். இன்டர்னலும் அசைன்மென்ட்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. பட்டியலே தேவையில்லை என்றும் நான் சொல்லவில்லை. புளூம் குழு 1956-இல் போட்ட வரிசையை 2001-இல் ஆண்டர்சன், கிராத்வால் திருத்தியபோது மட்டங்களின் பெயரையே வினைகளாக மாற்றி, படைத்தலை உச்சியில் வைத்தார்கள். அந்த ஆறு மட்டங்கள் உதவும். அவற்றுக்குக் கீழே இணையத்தில் சுற்றும் நீளமான பட்டியல்களில் ஒரே சொல் மூன்று மட்டத்தில் இருக்கும். அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன், அவ்வளவே.

இவ்வளவும் "அளவிடக்கூடியதாக இருக்க வேண்டும்" என்று மேடையில் பேசும் நிர்வாகத்துக்காக. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரி என் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, ராஜினாமா செய்தபோது செமஸ்டர் முடியட்டும், ஆடிட் முடியட்டும் என்று இழுத்தது. சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதை மட்டும் யாரும் அளவிடச் சொன்னதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஃபைல் ஃபைலாக அவுட்கம் எழுதும்போது இதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

லேப் பாடம் என்றால் வேலை இன்னும் சுலபம். அங்கே செய்வது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், "ஷெட்யூலரை நிரலாக எழுதி, கொடுத்த உள்ளீட்டுக்கு இயக்கிக் காட்டுவார்" என்றால் முடிந்தது. அதிலிருந்து தொடங்கிவிட்டு அப்புறம் தியரிக்கு வாருங்கள். அட்டெய்ன்மென்ட் கணக்கு பற்றி வேண்டுமானால் கமென்ட்டில் கேளுங்கள், சொல்கிறேன். ஷீட்டை மட்டும் கேட்காதீர்கள், எங்களுடையதில் ஃபார்முலாவே தப்பு.