கடைசி கிளிக் அறிக்கை ஏன் ஏமாற்றுகிறது?

"கூகுள் விளம்பரத்தில்தான் விற்பனை வருகிறது என்று அறிக்கை சொல்கிறது. இன்ஸ்டாகிராம் செலவை நிறுத்திவிடலாமா?"

அவசரப்படாதீர்கள். வாங்குவதற்கு முன் கடைசியாக அழுத்திய இணைப்புக்கே விற்பனையின் முழுப் பெருமையையும் கொடுப்பதுதான் கடைசி கிளிக் கணக்கு. பந்தியில் கடைசியாகப் பாயசம் ஊற்றியவர்தான் மொத்த விருந்தையும் சமைத்தார் என்பது போல.

ஒரு சேலைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் ரீல்ஸில் சேலையைப் பார்க்கிறார், எதையும் அழுத்தவில்லை. அப்புறம் தோழி வாட்ஸ்அப்பில் அதே கடையைப் பரிந்துரைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடைப் பெயரைக் கூகுளில் தேடி, மேலே வந்த விளம்பரத்தை அழுத்தி வாங்குகிறார். அறிக்கையில் தெரிவது அந்த விளம்பரம் மட்டும்தான். கடைப் பெயரைத் தட்டச்சு செய்தவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர் என்பது அதற்குத் தெரியாது.

உண்மையை அறிய, வாடிக்கையாளர் பணம் கட்டியதும் "எங்களை முதலில் எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பரிந்துரைப்பவர்களுக்குத் தனித்தனி கூப்பன் கொடுங்கள். முக்கியமாக, ஒரு மாவட்டத்தில் மட்டும் நான்கு வாரம், கடைப் பெயரைத் தேடினால் வரும் விளம்பரத்தை நிறுத்துங்கள். அங்கே மொத்த விற்பனை மற்ற மாவட்டங்களைப் போலவே இருந்தால், அந்தக் காசு வீண். விற்பனை குறைவான கடைக்கு இந்தச் சோதனை தெளிவாகப் பேசாது.

எல்லாக் கிளிக்குக்கும் பங்கு பிரித்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தாமல் பார்த்த ரீல்ஸுக்கு அதிலும் பங்கு கிடைக்காது.