முதற்பகுதி பொய், வாக்கியம் மட்டும் எப்படி மெய்?

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் பதில்கள்)

முதலாண்டு மாணவி, பட்டர்வொர்த்: சார், தர்க்கப் பாடத்தில் p, q என்று இரண்டு கூற்றுகள். p பொய்யென்றால், q எதுவானாலும் ‘p எனில் q’ மெய் என்று மெய்மை அட்டவணையில் இருக்கிறது. மனப்பாடம் பண்ணிவிட்டேன், மனசுதான் ஒப்பவில்லை.

மனப்பாடத்தை விடும்மா. ‘எந்த எண்ணானாலும், அது நான்கால் மீதியின்றி வகுபட்டால் அது இரட்டை எண்.’ இதை ஒத்துக்கொள்கிறாய் அல்லவா? அப்படியானால் அது 8, 6, 7 எல்லாவற்றுக்கும் நிற்க வேண்டும். எட்டுக்கு இரண்டு பகுதியும் மெய். ஆறு நான்கால் வகுபடாது, ஆனால் இரட்டை எண். ஏழுக்கு இரண்டுமே பொய். ஆறிலோ ஏழிலோ வாக்கியம் பொய் என்று நீ எழுதினால் ‘எந்த எண்ணானாலும்’ என்பதே கவிழ்ந்துவிடும். நீ ஒத்துக்கொண்ட வாக்கியமே அந்த இரண்டு வரிகளையும் மெய்யாக்கிவிட்டது. அதைக் கவிழ்க்க, நான்கால் வகுபட்டும் ஒற்றையாக இருக்கும் ஓர் எண் வேண்டும். தேடிப் பார்!

கடைக்கு வந்தவர், லிட்டில் இந்தியா: 50 ரிங்கிட்டுக்கு வாங்கினால் பை இலவசம் என்றார் கடைக்காரர். நான் வாங்கியது முப்பதுக்கு. மெய்யுமில்லை பொய்யுமில்லை, ‘செல்லாது’ என்று விடலாமே?

பாதி சரி ஐயா. அவர் சொல்லை நீங்கள் சோதிக்கவில்லைதான். ஆனால் ஏமாற்றினார் என்று சண்டைக்குப் போக முடியுமா? மெய், பொய் என்று இரண்டே பெட்டி இருக்கும்போது, மீறாத சொல்லை மெய்ப் பெட்டியில்தான் போட வேண்டும். மூன்றாவது பெட்டி கேட்டவர்களும் உண்டு. இத்தாலியக் கணித அறிஞர் டி ஃபினெட்டி 1930களில் இதைப் பந்தயம்போலப் பார்த்தார்: நிபந்தனை நடக்காவிட்டால் பந்தயம் ரத்து, காசு திரும்பிவிடும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்த வழியில் போனால், மாணவிக்குச் சொன்ன ‘எந்த எண்ணானாலும்’ வாக்கியம் 6, 7 என்ற எண்களுக்கு மெய்யாகாமல் நமக்குச் சிக்கலாகும்.

நிரலாளர், பாயான் லெப்பாஸ்: சோதனை எல்லாம் தேறினால் சரக்கை அனுப்பு என்று பைதான் மொழியில் நிரல் எழுதியிருந்தேன். ஒருநாள் சோதனைப் பட்டியலே காலி. சரக்கு போய்விட்டது!

```
>>> all([])
True
```

பைதான் மேல் தப்பில்லை தம்பி. காலிப் பட்டியலில் தேறாத ஒன்றை யாரால் காட்ட முடியும்? ‘ஏதாவது நடந்ததா’ என்பது வேறு கேள்வி. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்:

```
len(tests) > 0 and all(tests)
```

குறும்புக்காரர், ஆயர் ஈத்தாம்: அப்படியானால் ‘நம்ம பினாங்கு கொம்தார் கோபுரம் கோலாலம்பூரில் இருந்தால் நான் கோடீஸ்வரன்’ மெய். நான் கோடீஸ்வரன்!

வாக்கியம் மெய். கோடிக்கு, கொம்தார் முதலில் இடம் பெயர வேண்டும்.

அதே மாணவி: ‘மூன்று நிமிடம் முந்தி வந்திருந்தால் ஃபெரி கிடைத்திருக்கும்.’ வரவில்லையே சார், அதனால் இதுவும் மெய்யா? ‘கிடைத்திருக்காது’ என்றாலும் மெய்யா?

நல்ல பிடி. இங்கே அட்டவணை உதவாது. ‘வந்தால்’ வேறு, ‘வந்திருந்தால்’ வேறு என்று நம் வினையே பிரித்துக் காட்டுகிறதே. நடக்காததைப் பேசும்போது, உலகம் மற்றபடி அப்படியே இருந்து நீ மட்டும் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வேண்டும். தத்துவ அறிஞர்களான ஸ்டால்நேக்கர் 1968லும் டேவிட் லூயிஸ் 1973லும் இதற்கு விதி வகுத்தார்கள். வெறும் ‘வந்தால்’ என்று வீட்டில் நாம் சொல்வதாவது அந்த அட்டவணைதானா? அதில் இன்னும் வழக்கு நடக்கிறது. நானே வாரத்துக்கொரு கட்சி மாறுகிறேன்.