மோட்டார் கேள்வி பதில்: கால் எட்டணும், இடுப்பும் தாங்கணும்

அண்ணே, கேஎல்லேர்ந்து பினாங்கு போறதுக்குள்ள குரூசர்ல இடுப்பு போயிருது. சீட்டு மெத்தையை மாத்தவா?

மெத்தை கொஞ்சம்தான் உதவும். குரூசரில் காலை முன்னால் நீட்டி உட்காருகிறீர்கள். பள்ளம் வந்தால் காலை ஊன்றி எழும்ப முடியாது, இடி முழுக்க வால் எலும்பில் இறங்கும். சீட்டைத் தாழ்த்துவதற்காகப் பின்சக்கரம் ஏறி இறங்கும் தூரத்தையும் குறைத்திருப்பார்கள். பல குரூசரில் அது 100 மி.மீ.கூட இருக்காது, பெரிய அட்வென்ச்சரில் 200 பக்கம் இருக்கும். உங்கள் மாடலுக்குக் கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளும் செட் கிடைத்தால் முதலில் அதைப் போடுங்கள்.

எது வேகம்?

ஸ்போர்ட்ஸ். அடுத்தது.

அட்வென்ச்சர் வாங்கிட்டேன், சீட்டு உயரம் 850 மி.மீ. நுனிக்கால்தான் எட்டுது. பின்பக்கத்தைத் தாழ்த்துற லோவரிங் லிங்க் போடலாமா?

முதலில் அளந்து பாருங்கள். பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு புள்ளி வரை அளக்கணும். 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு இறக்கி, ஹெல்மெட் ஜாக்கெட்டோடு ஏறி உட்காருங்கள், இன்னொருவர் அதே இடத்தில் அளக்கட்டும். 560 வந்தால் 40தான் இறங்கியிருக்கு. பின்சக்கரம் 200 மி.மீ. ஏறி இறங்கும் மோட்டாரில் 60 பக்கம் இறங்கணும். பின் ஸ்பிரிங்கை இறுக்கி வைக்கும் பிரிலோடைத் தளர்த்தினாலே அந்த 20 கிடைக்கலாம், காசு செலவில்லை, லிங்க் போட்டால் வரும் சிக்கலும் இல்லை. தம்பதியாகப் போகும்போது மறக்காமல் திரும்ப இறுக்குங்கள்.

லிங்க் போட்டு ஒரு வருசமா ஓட்டுறேன், ஒன்னும் ஆகல. சும்மா பயமுறுத்தாதீங்க.

தனியாக ஓட்டுகிறீர்கள் போலிருக்கு. லிங்க் பின்பக்கத்தை மட்டும் இறக்கும். ஃபோர்க் இன்னும் சாயும், ஹேண்டல் மந்தமாகும், தெலுக் பஹாங் மலை வளைவில் அது தெரியும். அதனால் முன்னால் ஃபோர்க் குழாயையும் கிளாம்பில் கிட்டத்தட்ட அதே அளவு மேலே ஏற்றணும். சைட் ஸ்டேண்ட் நீளமாகிவிடும், மோட்டார் நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலும் மறுபக்கம் விழும். அதையும் வெட்டிக் குட்டையாக்கணும்.

நான் நல்லாத்தான் திருப்புறேன். ஃபோர்க்கை ஏத்தினா டயர் ரேடியேட்டர்ல இடிக்கும்னு சொல்றாங்களே?

அது சரியான கவலை, சில மாடலில் இடமே இருக்காது. ஃபோர்க் முழுக்க அமுங்கினால் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று பார்த்துத்தான் ஏற்றணும். லிங்க் போட்டதால் பின் டயரும் மட்கார்டில் இடிக்கலாம், உங்கள் பின் மட்கார்டின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

என் உயரம் 158. அட்வென்ச்சர் ஓட்டலாமா?

மேலே இருக்கு, படிங்க. முதலில் அளவு.

குரூசர் ஃபோர்க்கை நிமிர்த்தினா ஸ்போர்ட்ஸ் மாதிரி வளையுமா?

வளையாது. சட்டம் நீளம், அதோடு சாய்த்தால் கால்மிதி முதலில் தரையில் உரசிவிடும்.

அண்ணே, லிங்க்காரன்தான். மட்கார்டுல பளபளன்னு ஒரு கோடு இருக்கு. பழசா புதுசா தெரியல.

கோட்டின் மேல் சாக்பீஸ் தடவுங்கள். பின்னால் ஒருவரை ஏற்றி, ஸ்பீட் பம்ப்பில் மெதுவாக இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். சாக்பீஸ் அழிந்திருந்தால் டயர் இடிக்கிறது, அன்றே லிங்க்கைக் கழற்றுங்கள். அழியாவிட்டால் பெரிய பள்ளத்தில் என்ன ஆகும் என்று என்னாலும் சொல்ல முடியாது.